வெளிநாட்டு வேலைக்கான அடிப்படை ஆங்கிலத் தேர்வும் பாதுகாப்புக் கட்டளைகளும்

வெளிநாட்டு வேலைக்கான அடிப்படை ஆங்கிலத் தேர்வு என்பது கட்டுமானம், வாகன ஓட்டுதல், விடுதிப் பணி ஆகிய துறைகளில் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும்போது, வேலைத்திறன் தேர்வோடு சேர்த்து நடத்தப்படும் ஒரு சிறு வாய்மொழித் தேர்வு ஆகும். இதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது. வேலை தரும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் நேரிலோ காணொளி வழியாகவோ பேசிப் பார்ப்பார். சில நாடுகளும் நிறுவனங்களும் ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஏ1 அல்லது ஏ2 நிலையைக் கேட்பதுண்டு. ஆறு படிகள் கொண்ட அந்த அளவுகோலில் இவை கீழிருந்து முதல் இரண்டு படிகள்.

இத்தேர்வில் இலக்கணப் பிழை பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. ஒரு கட்டளையைக் கேட்டவுடன் அதைச் சரியாகச் செய்ய முடிகிறதா, புரியாவிட்டால் அதைச் சொல்லத் தெரிகிறதா என்பதே பார்க்கப்படுகிறது. எனவே இக்கட்டுரை பாதுகாப்புக் கட்டளைகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தேர்வு காதுக்கும் வாய்க்கும் உரியது என்பதால் ஆங்கிலத் தொடர்கள் இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

## ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கு முனையில், கர்நாடக எல்லையை ஒட்டி ஓசூர் உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையின் வாகன, உதிரிபாகத் தொழிற்சாலைகள், பெங்களூரு வரை நீளும் கட்டட வேலைகள், தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓடும் சரக்கு வண்டிகள், சாலையோர உணவகங்கள் ஆகியவற்றால் மேற்சொன்ன மூன்று துறைகளிலும் அனுபவம் உள்ளவர்கள் இங்கு ஏராளம்.

இப்பகுதித் தொழிலாளர்கள் பலர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் பேசுவர். வேலைத்தளத்தில் ஆங்கிலச் சொற்களையும் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். ஆகவே சொல் தெரியாதது அவர்களுடைய முதன்மைச் சிக்கல் அன்று. தெரிந்த சொல் வெளிநாட்டில் வேறு பொருள் தருவதும், கட்டளை வாக்கியத்தின் அமைப்பு தமிழுக்கு நேர் எதிராக இருப்பதுமே சிக்கல்.

பயிற்சிக்கான பொருள் உள்ளூரிலேயே கிடைக்கிறது. தொழிற்சாலையில் சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அவ்வழக்கத்தால் பல ஆலைகளில் ஒரே எச்சரிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பலகை வீதம் படித்து, ஆங்கில வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அதுவே செலவில்லாத பாடநூல்.

## கட்டளை வாக்கியத்தின் அமைப்பு

தமிழில் வினை கடைசியில் வரும். செய்யலாமா கூடாதா என்பதும் அந்த வினையின் கடைசி ஒலியில்தான் தெரியும். ‘அந்த வயரைத் தொடு’, ‘அந்த வயரைத் தொடாதே’ என்ற இரண்டுக்கும் வேறுபாடு இறுதியில் உள்ளது. தமிழ்க் காது வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருந்து பழகியது.

ஆங்கிலத்தில் ‘டோன்ட் டச் தட் வயர்’ என்று தடைச்சொல் முதலிலேயே வந்து போய்விடுகிறது. இயந்திர இரைச்சலில் முதல் சொல்லைத் தவறவிட்டால் மீதியிருப்பது ‘டச் தட் வயர்’. அது நேர் எதிரான கட்டளை. ஆகவே முதற்பயிற்சி, வாக்கியத்தின் முதல் சொல்லைப் பிடிப்பதாகும். ‘டோன்ட்’, ‘டு நாட்’, ‘நெவர்’, ‘நோ’ ஆகிய நான்கில் ஒன்று முதலில் வந்தால் அது தடை. முதல் சொல் காதில் விழவில்லை என்றால் எதையும் செய்யக் கூடாது. மீண்டும் சொல்லும்படி கேட்க வேண்டும்.

அடுத்த சிக்கல் வரிசை. ‘ஸ்டார்ட் தி இன்ஜின் ஆஃப்டர் யூ செக் தி பெல்ட்’ என்ற கட்டளையில் இன்ஜினைக் கிளப்புவது முதலில் காதில் விழுகிறது. செய்ய வேண்டியதோ பெல்ட்டைப் பார்ப்பதுதான். காதில் விழும் வரிசையும் செய்யும் வரிசையும் வேறு. தமிழில் ‘பெல்ட்டைப் பார்த்த பிறகு இன்ஜினைக் கிளப்பு’ என்று செய்யும் வரிசையிலேயே சொல்லிவிடுகிறோம்.

இவ்வாறு வரிசையை மாற்றும் சொற்கள் முக்கியமாக நான்கு:

* பிஃபோர் – முன். ‘ஹுக் அப் பிஃபோர் யூ ஸ்டெப் ஆன்’: காலை வைக்கும் முன் கொக்கியை மாட்டு.
* ஆஃப்டர் – பிறகு. ‘கோ அப் ஆஃப்டர் ஹி கம்ஸ் டவுன்’: அவர் இறங்கிய பிறகு நீ ஏறு.
* அன்டில் – வரை. ‘டோன்ட் மூவ் அன்டில் ஐ சிக்னல்’: நான் சைகை காட்டும் வரை நகராதே.
* அன்லெஸ் – ஒழிய. ‘டோன்ட் என்டர் அன்லெஸ் ஐ கால் யூ’: நான் கூப்பிட்டால் ஒழிய உள்ளே வராதே.

இவற்றில் ‘அன்டில்’ மிகுந்த கவனத்துக்கு உரியது. ‘டோன்ட் … அன்டில்’ என்பது முழுத் தடை அன்று. ஒரு நிபந்தனை நிறைவேறும் வரை மட்டும் உள்ள தடை. கட்டளையைக் கேட்டதும் ‘எதுவரை காத்திருக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால் வாக்கியம் புரிந்தது என்று பொருள்.

## தமிழ் எழுத்து மறைத்துவிடும் ஒலிகள்

ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வது பரவலான வழக்கம். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் தமிழ் எழுத்தில் வல்லின ஒலி வேறுபாடுகள் தனித்தனியாகக் காட்டப்படுவதில்லை. பின்புறம், பை, பொட்டலம் கட்டு என்று பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் நாம் ‘பேக்’ என்றே எழுதுகிறோம். பின்னால் நகரச் சொன்னார்களா, பையை நகர்த்தச் சொன்னார்களா என்பதை எழுத்து காட்டாது. காதுதான் பிரிக்க வேண்டும்.

அதேபோல் அடையாள அட்டையும் இயந்திரத்தின் காப்பு மூடியும் தமிழில் ‘கார்டு’. ‘டோன்ட் ஸ்டார்ட் அன்டில் தி கார்டு இஸ் இன் பிளேஸ்’ என்றால், காப்பு மூடியை அதன் இடத்தில் பொருத்தும் வரை இயந்திரத்தைக் கிளப்பக் கூடாது என்று பொருள். அடையாள அட்டை என்று எண்ணுபவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

எனவே எழுதிப் படித்த ஒவ்வொரு தொடரையும் யாராவது பேசக் கேட்டு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். கைப்பேசியில் கேட்டாலும் போதும்.

எண்களிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஃபிஃப்டீன்’ என்பது 15, ‘ஃபிஃப்டி’ என்பது 50. முதலாவதில் கடைசி அசை நீண்டு அழுத்தமாக ஒலிக்கும். இரண்டாவதில் முதல் அசை அழுத்தமாகவும் கடைசி அசை குறுகியும் ஒலிக்கும். பளுவின் அளவோ வேக வரம்போ சொல்லப்படும்போது ஐயம் வந்தால், ‘ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?’ என்று இலக்கமாகப் பிரித்துக் கேட்பது நல்ல பழக்கம். 13, 30 தொடங்கி 19, 90 வரை இம்முறை பொருந்தும்.

## எதிர்மறைக் கேள்விகள்

தேர்வில் பலர் அறியாமலே தவறுவது இங்கேதான். ‘சுவிட்சை அணைக்கலையா?’ என்று தமிழில் கேட்டால், அணைக்காதவர் ‘ஆமாம், அணைக்கலை’ என்பார். தமிழில் ‘ஆமாம்’ என்பது கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்வது.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘டிடின்ட் யூ சுவிட்ச் இட் ஆஃப்?’ என்ற கேள்விக்கு ‘யெஸ்’ என்றால் அணைத்துவிட்டேன் என்று பொருள். ‘நோ’ என்றால் அணைக்கவில்லை என்று பொருள். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டாலும் செயல் நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்காவிட்டால் ‘நோ’. அணைக்காத ஒருவர் தமிழ் வழக்கப்படி ‘யெஸ்’ என்றால், மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பி இன்னொருவர் கம்பியைத் தொடக்கூடும்.

இதற்குப் பாதுகாப்பான வழி, ‘யெஸ்’, ‘நோ’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் நிலைமையையும் சேர்த்துச் சொல்வது: ‘நோ, இட் இஸ் ஸ்டில் ஆன்’ அல்லது ‘யெஸ், இட் இஸ் ஆஃப்’. முதல் சொல் தவறினாலும் பின்பகுதி உண்மையைச் சொல்லிவிடும். தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதையும் தவிர்க்க வேண்டும். நமக்கு அது சரி என்ற சைகை. வெளிநாட்டவர் பலருக்கு அது மறுப்பாகவே தோன்றும்.

## சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தவறும் எச்சரிக்கைகள்

சில எச்சரிக்கைத் தொடர்களில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் முழுப்பொருள் வேறாக இருக்கும்.

‘லுக் அவுட்!’ என்று யாராவது கத்தினால் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. ஆபத்து வருகிறது, எச்சரிக்கை என்பதே அதன் பொருள். ‘மைண்ட் யுவர் ஹெட்’ என்பதில் மனத்துக்கு வேலையில்லை. மேலே தாழ்வாக ஏதோ இருக்கிறது, தலை இடிக்காமல் பார்த்துக்கொள் என்று பொருள். ‘கீப் கிளியர்’ என்பது சுத்தமாக வை என்பதன்று. அவ்விடத்தில் நிற்காதே, பொருள்களை வைத்து அடைக்காதே என்பதாகும். அவசர வழிக் கதவுகளிலும் பளுத்தூக்கியின் அடியிலும் இது காணப்படும்.

‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லில் ‘இன்’ என்ற முன்னொட்டைப் பார்த்து எரியாதது என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பது என்ற ஒரே பொருள் தருபவை.

ஓசூர் ஆலைத் தொழிலாளர்கள் குறிப்பாக அறிய வேண்டிய சொல் ‘அசெம்பிளி’. இங்கே அது பாகங்களைப் பொருத்தும் பிரிவைக் குறிக்கும். தீ எச்சரிக்கை மணி அடித்ததும் ‘கோ டு தி அசெம்பிளி பாயின்ட்’ என்றால், கட்டடத்தை விட்டு வெளியேறி, ஆள் கணக்கெடுக்கும் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். சில நாடுகளில் அதே இடத்தை ‘மஸ்டர் பாயின்ட்’ என்பர்.

எழுத்து வாசிக்கும் முன்பே நிறமும் வடிவமும் பொருளைச் சொல்லிவிடும். பல நாடுகள் பின்பற்றும் பன்னாட்டுத் தரப்படி, குறுக்குக்கோடிட்ட சிவப்பு வட்டம் செய்யாதே என்பது. நீல வட்டம் கட்டாயம் செய் என்பது. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. பச்சைச் சதுரம் அல்லது செவ்வகம் தப்பும் வழி, முதலுதவி போன்றவை. சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவிகள். தேர்வில் குறி அட்டையைக் காட்டிக் கேட்டால் முதலில் நிறத்தை வைத்து வகையைச் சொல்லி, பிறகு படத்தைச் சொன்னால் போதும்: நீல வட்டத்தில் தலைக்கவசம் இருந்தால் ‘யூ மஸ்ட் வேர் எ ஹெல்மெட்’.

## துறைவாரியாக மாறும் சொற்கள்

### கட்டுமானம்

இங்கே ‘சென்ட்ரிங்’ என்பது வெளிநாட்டில் ‘ஷட்டரிங்’ அல்லது ‘ஃபார்ம்வொர்க்’. கம்பி கட்டுபவரை ‘பார் பெண்டர்’ என்கிறோம். வளைகுடா விளம்பரங்களில் அவர் ‘ஸ்டீல் ஃபிக்ஸர்’. மண் அள்ளும் பெரிய இயந்திரத்தை நம்மூரில் தயாரிப்பாளரின் பெயரால் ‘ஹிட்டாச்சி’ என்பது வழக்கம். தேர்வில் ‘எக்ஸ்கவேட்டர்’ என்று சொல்ல வேண்டும். ‘கரன்ட் இல்லை’ என்பதற்கு ‘நோ பவர்’ என்பதே பொருத்தம்.

சாரத்துக்கு ‘ஸ்கஃபோல்டு’ என்று பெயர். அதன் ஏணியருகே அட்டை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். பச்சை அட்டை என்றால் சோதித்து முடிந்தது, ஏறலாம். சிவப்பு அட்டை என்றால் ஏறக் கூடாது. அட்டையே இல்லாவிட்டால் சிவப்பு என்றே கொள்ள வேண்டும். உயரத்தில் ‘ஹண்ட்ரட் பெர்சென்ட் டை-ஆஃப்’ என்று சொல்வதுண்டு. பாதுகாப்பு வாரில் உள்ள இரண்டு கொக்கிகளில் ஒன்றாவது எந்நேரமும் மாட்டியிருக்க வேண்டும், இடம் மாறும்போது புதிய இடத்தில் ஒன்றை மாட்டிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும் என்பது இதன் பொருள். ‘ஆஃப்’ என்ற ஒலியைக் கேட்டுக் கழற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணுவது ஆபத்தானது.

சிங்கப்பூரில் கட்டுமானப் பணிக்குச் செல்பவர் கட்டாயமாகத் தேற வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. ஆனால் தளத்தில் உடன் வேலை செய்பவர்கள் சீனம், வங்காளம் பேசுவோராக இருக்கலாம். அன்றாடக் கட்டளைகள் அங்கே எளிய ஆங்கிலத்திலேயே வரும். பிரிட்டனில் கட்டுமானப் பணியாளருக்கான பாதுகாப்புத் தேர்வு 50 கேள்விகளுக்கு 45 நிமிடத்தில் விடை தரும் கணினித் தேர்வாகும். அதற்கு வாசிப்பும் தேவை.

### வாகன ஓட்டுதல்

‘ஸ்டெப்னி’ வெளிநாட்டில் ‘ஸ்பேர் வீல்’ அல்லது ‘ஸ்பேர் டயர்’. ‘டிக்கி’ என்பது ‘பூட்’ அல்லது ‘டிரங்க்’. ‘பெட்ரோல் பங்க்’ என்பது ‘பெட்ரோல் ஸ்டேஷன்’. ‘சைடு கொடுப்பது’ என்பதற்கு ‘கிவ் வே’ என்பது சொல். பலகையில் இத்தொடர் இருந்தால் மற்ற வண்டியை முதலில் போகவிட வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் நெடுஞ்சாலையில் நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சிங்கப்பூர், மலேசியாவிலும் அப்படியே. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். எனவே அங்கே ‘கீப் ரைட்’ என்பதைக் கேட்டதும் யோசிக்காமல் கை திரும்ப வேண்டும். பேச்சில் ‘ரைட்’ என்பது ‘சரி’ என்றும் பொருள்படும். நம் பேருந்துகளில் நடத்துநர் ‘ரைட், ரைட்’ என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். வெளிநாட்டில் பின்னோக்கி எடுக்கும்போது வழிகாட்டுபவர் ‘ரைட்’ என்றால் அது திசையாக இருக்கலாம். ஆகவே சம்மதம் தெரிவிக்க ‘ஓகே’ என்ற சொல்லையே பயன்படுத்துவதும், வழிகாட்டுபவர் கண்ணில் படாதபோது உடனே நிறுத்துவதும் நல்லது.

### விடுதிப் பணி

‘ஓட்டல்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் உணவகத்தை. ஆங்கிலத்தில் அது ‘ரெஸ்டாரன்ட்’. ‘ஹோட்டல்’ என்றால் தங்கும் விடுதி. உணவகத்தில் பரிமாறியவர் ‘ஐ வாஸ் எ சப்ளையர்’ என்றால் பொருள்களை விற்கும் வணிகர் என்று எண்ணுவர். ‘வெய்ட்டர்’ என்று சொல்ல வேண்டும். ‘பரோட்டா மாஸ்டர்’ என்பதற்கு ‘குக்’. ‘பார்சல்’ என்பதற்கு ‘டேக்-அவே’.

இத்துறையின் முதன்மைப் பாதுகாப்புக் கேள்வி ஒவ்வாமை பற்றியது. ‘டஸ் திஸ் ஹேவ் நட்ஸ்?’ என்று விருந்தினர் கேட்டால், ‘நோ’ என்று ஊகித்துச் சொல்லக் கூடாது. குருமாவிலும் கிரேவியிலும் முந்திரியை அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சரியான விடை, ‘ஐ வில் செக் வித் தி கிச்சன்’. தேர்வாளர் எதிர்பார்ப்பது உணவைப் பற்றிய அறிவை அன்று. ஊகிக்காமல் போய்க் கேட்கும் பழக்கத்தை.

அறைத் துப்புரவுக்குச் செல்பவர் ‘நெவர் மிக்ஸ்’ என்ற தொடரை அறிய வேண்டும். ப்ளீச்சையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு மூச்சைப் பாதிக்கும்.

## திருப்பிச் சொல்லுதல்

புரியாமலே ‘ஓகே சார்’ என்பதே தேர்விலும் தளத்திலும் பெருந்தவறு. அனுபவமுள்ள தேர்வாளர் வேண்டுமென்றே இரைச்சலில் அல்லது வேகமாக ஒரு கட்டளையைச் சொல்லி, தேர்வர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுண்டு. அப்போது மீண்டும் கேட்பவருக்கு மதிப்பு குறையாது.

இதற்கு மூன்று தொடர்கள் போதும். முதலாவது, ‘ஸாரி, ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்’. இரண்டாவது, ‘ப்ளீஸ் ஷோ மீ’, அதாவது செய்து காட்டுங்கள். மூன்றாவது, ‘யூ மீன்…’ என்று தொடங்கிக் கட்டளையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டவர் அதை நம்பிக்கையின்மை என்று கொள்வதுண்டு. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்பதே பாதுகாப்பானது.

## ஒரு மாதிரித் தேர்வு

பர்கூர் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் எட்டு ஆண்டுகளாகக் கம்பி கட்டும் ஒருவர், வளைகுடா வேலைக்கு நேர்காணல் செல்வதாகக் கொள்வோம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தேர்வு ஏறத்தாழ பத்து நிமிடம் நடக்கலாம்.

முதற்கேள்வி, ‘வாட் இஸ் யுவர் ஜாப்?’ அவர் ‘பார் பெண்டிங், சென்ட்ரிங்’ என்றால் பாதிதான் புரியும். ‘ஐ ஆம் எ ஸ்டீல் ஃபிக்ஸர். எய்ட் இயர்ஸ். ஐ டூ ஸ்லாப்ஸ், பீம்ஸ் அண்ட் காலம்ஸ்’ என்பது போதுமான விடை.

அடுத்து ஒரு கட்டளை: ‘டேக் ஃபிஃப்டீன் பார்ஸ் டு தி செகண்ட் ஃப்ளோர், பட் டோன்ட் கோ அப் அன்டில் தி ஸ்கஃபோல்டு ஹேஸ் எ கிரீன் டேக்.’ இதில் அவர் நான்கு செய்திகளைப் பிரிக்க வேண்டும். என்ன: கம்பி. எத்தனை: 15. எங்கே: இரண்டாம் தளம். எதுவரை காத்திருப்பது: சாரத்தில் பச்சை அட்டை வரும் வரை. தரைக்கு மேலுள்ள முதல் மாடியைச் சில நாடுகளில் முதல் தளம் என்றும், சில நாடுகளில் இரண்டாம் தளம் என்றும் எண்ணுவர் என்பதால் அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அவருடைய விடை இப்படி இருக்கலாம்: ‘ஒன் ஃபைவ் பார்ஸ். செகண்ட் ஃப்ளோர். ஃபர்ஸ்ட் ஐ செக் கிரீன் டேக். நோ கிரீன் டேக், ஐ வெய்ட்.’ இதில் இலக்கணம் நிறைவாக இல்லை. ஆனால் எண், இடம், வரிசை, நிபந்தனை நான்கும் சரி. ‘யெஸ் சார், ஐ வில் டேக் தி பார்ஸ் இம்மீடியட்லி’ என்ற பிழையற்ற வாக்கியம் இத்தேர்வில் இதைவிட மோசமான விடை. அதில் நிபந்தனை காணாமல் போயிற்று.

கடைசியாகத் தேர்வாளர் கேட்கிறார்: ‘யுவர் ஃபோர்மன் ஸேஸ் கோ அப். தி டேக் இஸ் ரெட். வாட் டூ யூ டூ?’ மேலதிகாரியின் சொல்லா, அட்டையா என்பது கேள்வி. விடை: ‘ஐ டோன்ட் கோ அப். ஐ டெல் ஹிம், ரெட் டேக், நாட் சேஃப்.’ மேலதிகாரியிடம் மறுத்துப் பேசத் தயங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் இந்த ஒரு தொடரை மட்டும் பலமுறை உரக்கச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

## நான்கு வாரப் பயிற்சி

வேலை முடிந்து அரை மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு நான்கு வாரம் ஓரளவு போதுமானது. இரண்டு பேர் சேர்ந்து பயில்வது அவசியம். தனியாகப் படித்தால் காது பழகாது.

முதல் வாரம் ஆலையிலும் சாலையிலும் உள்ள பலகைகள், நிறக்குறிகள், ‘டோன்ட்’ என்று தொடங்கும் கட்டளைகள். இரண்டாம் வாரம் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’, ‘அன்லெஸ்’. ஒருவர் கட்டளை சொல்ல, மற்றவர் அதை உண்மையான பொருள்களை வைத்துச் செய்து காட்ட வேண்டும். மூன்றாம் வாரம் எண்கள், எதிர்மறைக் கேள்விகள், தன் துறைக்குரிய மாற்றுச் சொற்கள். நான்காம் வாரம் மின்விசிறியோ வானொலியோ ஓடும் இரைச்சலில் மாதிரித் தேர்வு.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி உண்டு. நண்பர் பத்துப் புதிய கட்டளைகளைச் சொல்லட்டும். அவற்றில் எத்தனை தவறாகச் செய்யப்பட்டன, எத்தனை மீண்டும் கேட்கப்பட்டன என்று தனித்தனியே குறிக்க வேண்டும். மீண்டும் கேட்டது மூன்று நான்கு இருந்தாலும் கவலையில்லை. கேட்காமல் தவறாகச் செய்தது ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடர வேண்டும்.

## முகவரைச் சரிபார்த்தல்

தேர்வுக்குப் பணம் கட்டும் முன், ஆள் எடுப்பவர் உரிமம் பெற்றவரா என்று பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் நடுவண் அரசின் eMigrate தளத்தில் உள்ளது. ஓசூர்க்காரர்கள் சென்னை, பெங்களூரு இரண்டு நகரங்களின் முகவர்களையும் அணுகுவதால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல் உரிம எண்ணைக் கேட்டுத் தளத்தில் ஒப்பிடுவது நல்லது. முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், அதாவது மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு ரசீது பெற வேண்டும். தேர்வு எழுதாமலே ஆங்கிலச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவரை விலக்க வேண்டும். தளத்தில் முதல் நாள் கட்டளைக்குச் சான்றிதழ் விடை சொல்லாது.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையிலிருந்து இயங்குகிறது. அதன் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். பணி ஒப்பந்தம் குறித்த ஐயங்களுக்கு நடுவண் அரசின் 1800-11-3090 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.